சிங்கப்பூர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன்: வரியை யார் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்

மாதச் சம்பளத்துக்கு வேலைக்கு வருபவர்களுக்கு இது தேவைப்படாது. ஆலோசகராகவோ பயிற்சியாளராகவோ சில மாத ஒப்பந்தத்தில், கட்டணம் பேசிக்கொண்டு இங்கே வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். பாஸ், வங்கிக் கணக்கு, வீடு பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பாஸ் விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை: ஒரு முதலாளியின் பெயரில் எடுத்த வேலை பாஸை வைத்துக்கொண்டு வெளியே தனியாகக் கட்டண வேலை செய்யக் கூடாது.

ஊரில் நமக்குப் பழகிய முறை இதுதான். தொழில்முறைக் கட்டணத்தில் கம்பெனி பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கும். அது நம் பான் எண்ணில் ஏறும். வருஷக் கடைசியில் ரிட்டர்ன் போட்டால், கட்ட வேண்டிய வரியில் அது கழியும், மிச்சம் இருந்தால் கணக்குக்குத் திரும்பி வரும். அதனால் "டி.டி.எஸ். தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். இந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாருகிறது.

சிங்கப்பூரில் ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாளுக்குக் குறைவாகத் தங்கி வேலை செய்யும் ஆலோசகரை வரிக் கணக்கில் இங்கே வசிக்காதவராகவே பார்ப்பார்கள். அவருக்குப் பணம் கொடுக்கும் கம்பெனி மொத்தக் கட்டணத்தில் 15 சதவீதத்தைப் பிடித்து ஐராஸுக்கு, அதாவது உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குக் கட்டியாக வேண்டும். இதற்கு வித்ஹோல்டிங் வரி என்று பெயர். ஊர் டி.டி.எஸ். மாதிரி இது முன்பணம் இல்லை, இறுதி வரி. செலவைக் கழித்த நிகர வருமானத்தின் மேல் 24 சதவீதம் கட்டுகிறேன் என்று நீங்களாகத் தெரிவு செய்தால் மட்டும் கணக்கு மாறும். வருமானத்தில் 37.5 சதவீதத்துக்கு மேல் தொழில் செலவு இருந்தால்தான் அதில் லாபம். மடிக்கணினியும் மூளையும் வைத்து வேலை செய்பவருக்கு அவ்வளவு செலவு ஏது? வீட்டு வாடகையும் சாப்பாடும் அதில் சேராது.

என் நண்பர் மதுரைக்காரர், மென்பொருள் பயிற்சி கொடுப்பவர். ஆகஸ்ட் 10-ஆம் தேதி வந்தார், பிப்ரவரி கடைசி வரை ஒப்பந்தம். மொத்தம் 60,000 வெள்ளி, ஆறு தவணை. "மாசம் கைக்குப் பத்தாயிரம்ணே" என்று தேக்காவில் டீ குடிக்கும்போது சந்தோஷமாகச் சொன்னார். தொலைபேசியில் அப்படித்தான் அவரிடம் பேசியிருந்தார்கள். முதல் தவணை வந்தபோது 8,500 வெள்ளிதான் இருந்தது. கேட்டதற்கு ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தைக் காட்டினார்கள்: கட்டணம் எல்லா வரிகளும் உட்பட்டது, சட்டப்படி பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு, வரிகளை ஆலோசகரே ஏற்க வேண்டும். சட்டப்படி அவர்கள் செய்தது சரி. ஆனால் பேசும்போது "கைக்கு" என்று சொல்லிவிட்டு எழுதும்போது "உட்பட" என்று எழுதுகிற ஆட்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அவருக்கு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறோமே, இங்கே வசிப்பவர் ஆகிவிடுவோம், பிடித்தது திரும்பிவிடும் என்று நினைத்தார். ஆனால் சிங்கப்பூருக்கு வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. முதல் ஆண்டில் அவருக்கு 144 நாள், அடுத்த ஆண்டில் 59 நாள். கூட்டினால் 203 வந்தாலும், எந்த ஆண்டிலும் 183-ஐத் தொடவில்லை. இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் சலுகை ஊழியர்களுக்கு உண்டு, இப்படித் தனியாகத் தொழில் செய்பவர்களுக்குக் கிடையாது. ஆக மொத்தம் 9,000 வெள்ளி போனது. அதே 203 நாள் ஜனவரியில் தொடங்கியிருந்தால் கதையே வேறு. தேதி உங்கள் கையில் இருந்தால் ஒப்பந்தத் தொடக்கத்தை இந்தக் கணக்கோடு பாருங்கள்.

"கைக்கு இவ்வளவு" என்று நிஜமாகவே பேசியிருந்தால், அதை கிராஸ்-அப் ஷரத்தாக எழுதி வாங்குங்கள். சட்டப்படி வரி பிடிக்க நேர்ந்தால், பிடித்த பிறகும் ஆலோசகருக்கு இன்ன தொகை முழுதாகக் கிடைக்கும்படி நிறுவனம் கட்டணத்தை உயர்த்தித் தரும் என்பதே அதன் சாரம். இங்கே கணக்கில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. பத்தாயிரத்துக்கு 15 சதவீதம் 1,500, அதை நாங்கள் மேலே கட்டிவிடுகிறோம் என்பார்கள். நம்பாதீர்கள். உங்களுக்காக அவர்கள் கட்டும் வரியும் உங்கள் வருமானம்தான், அதன் மேலும் வரி உண்டு. அதனால் பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும்:

```
10,000 ÷ 0.85 = 11,764.71
11,764.71 × 15% = 1,764.71
```

ஒப்பந்தத்தில் மொத்தக் கட்டணம் 11,764.71, அதில் வரி 1,764.71, கைக்குப் பத்தாயிரம். கம்பெனி 1,500 மட்டும் கட்டினால் தவணைக்கு 264.71 வெள்ளி குறையும். ஆறு தவணைக்கு அது 1,588 வெள்ளியைத் தாண்டும். பின்னால் ஐராஸ் கேட்கும்போது அந்தப் பணம் யாருடையது என்று சண்டை வரும். "வரிகளை ஆலோசகரே ஏற்க வேண்டும்" என்ற பழைய ஷரத்து வேறொரு பக்கத்தில் அழிக்கப்படாமல் கிடந்தால், அது உங்கள் தலையில்தான் விழும். கிராஸ்-அப் ஷரத்தைச் சேர்த்தால் போதாது, அதற்கு எதிரான வாசகத்தை நீக்கச் சொல்லுங்கள்.

அபராதத்தையும் அதே ஷரத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்த தேதியிலிருந்து இரண்டாவது மாதம் 15-ஆம் தேதிக்குள் கம்பெனி ஐராஸுக்குக் கட்ட வேண்டும். மே 20-இல் கொடுத்தால் ஜூலை 15. தவறினால் முதலில் ஐந்து சதவீத அபராதம், பிறகு மாதம் ஒரு சதவீதம் ஏறும். தாமதம் அவர்களுடையது, ஆனால் "வரி தொடர்பான எல்லாச் செலவும்" என்று எழுதியிருந்தால் அதையும் உங்களிடம் கேட்க இடம் இருக்கிறது. "நிறுவனத்தின் தாமதத்தால் வரும் அபராதம் நீங்கலாக" என்று நாலு வார்த்தை சேர்க்கச் சொன்னால் யாரும் மறுக்க முடியாது.

குறைந்த நாள் வேலைக்கு வருகிறீர்களா? இந்தியா-சிங்கப்பூர் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி, ஒரு வரி ஆண்டில் 90 நாளைத் தாண்டாமல், இங்கே உங்களுக்கென்று நிலையான தொழில் இடமும் இல்லாமல் இருந்தால், தனிநபராகச் செய்யும் தொழில்முறைச் சேவைக்கு இங்கே வரி இல்லை. ஆனால் இந்திய வருமான வரித் துறை தரும் வசிப்பிடச் சான்று இல்லாமல் அது நடக்காது. சான்று வர நாளாகும், புறப்படுமுன்பே விண்ணப்பித்துவிடுங்கள். கிராஸ்-அப் ஷரத்துகளில் "ஆலோசகர் சான்று தராவிட்டால் உயர்த்தித் தரமாட்டோம்" என்று ஒரு விலக்கு இருக்கும். அது நியாயமான விலக்குதான், குறை சொல்ல முடியாது.

வரி பிடித்த ஒவ்வொரு தவணைக்கும், ஐராஸில் கட்டியதற்கான ஒப்புகையின் நகலை இத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்றும் எழுதி வாங்குங்கள். அந்த ஆண்டு இந்தியாவில் நீங்கள் வசிப்பவராகவே கணக்கானால், இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி இங்கே சரியாகக் கட்டிய வரியை அங்கே கழிக்க அந்தத் தாள்தான் ஆதாரம். மதுரைக்காரருக்கு அதை வாங்கித்தரவே பல மின்னஞ்சல் போட வேண்டியிருந்தது. வேலை முடிந்து ஊர் திரும்பிய ஆளுக்கு இங்கே யாரும் அவசரமாகப் பதில் போடுவதில்லை. அதனால் கடைசித் தவணைக்கு முன்பே, அதுவரை கட்டியதற்கான ஒப்புகை எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.