கிரெடிட் அலர்ட்டும் ஃப்ரீஸும்: அமெரிக்காவில் பலர் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் முதல் கிரெடிட் கார்டு கைக்கு வந்ததும் பலரும் செய்யும் ஒரு வேலை, அந்தக் கார்டின் ஆப்பில் கிரெடிட் அலர்ட்டை ஆன் செய்வது. நம் பெயரில் யாராவது கடன் வாங்கினால் உடனே தெரிந்துவிடும் என்ற தைரியத்தில் அப்புறம் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள். ஆனால் அந்த அலர்ட் எதையும் தடுப்பதில்லை. நடந்து முடிந்ததைச் சொல்கிறது, அதுவும் பல நேரம் தாமதமாக.

எப்படி என்று ஒரு உதாரணத்தில் பார்ப்போம். ஒருவருடைய சோஷியல் செக்யூரிட்டி எண், பிறந்த தேதி, முகவரி மூன்றும் திருடன் கையில் சிக்கிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஒரு பெரிய கடையின் இணையதளத்தில் அவர் பெயரில் ஸ்டோர் கார்டுக்கு விண்ணப்பிக்கிறான். கார்டு தரும் வங்கி, நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் மூன்று கிரெடிட் நிறுவனங்களில் ஒன்றான டிரான்ஸ்யூனியனில் உள்ள அவருடைய கோப்பை எடுத்துப் பார்க்கிறது. கடன் கேட்டதற்காக இப்படிக் கோப்பைத் திறந்து பார்ப்பதை ஹார்டு என்குயரி என்பார்கள். இந்தப் பதிவு டிரான்ஸ்யூனியன் கோப்பில் மட்டும்தான் விழும். அவருடைய ஆப் கண்காணிப்பதோ இன்னொரு நிறுவனமான எக்ஸ்பீரியனின் கோப்பை மட்டும். அதனால் அலர்ட் வரவில்லை. சில நிமிடங்களில் கார்டு ஒப்புதலாகிவிடுகிறது, அன்றைக்கே பொருளும் வாங்கியாகிவிட்டது. வங்கிகள் கணக்கு விவரங்களைப் பெரும்பாலும் மாதத்துக்கு ஒருமுறைதான் கிரெடிட் நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. முதல் பில் போட்ட பிறகு அந்த வங்கி மூன்று நிறுவனங்களுக்கும் விவரம் அனுப்பும்போதுதான், 'புதிய கணக்கு' என்று அவருடைய ஆப் முதல்முறையாகச் சத்தம் போடுகிறது. இடையில் பல வாரங்கள் போய்விட்டன.

ஆகவே அலர்ட் வைக்கும்போது, அது எந்த நிறுவனத்தின் கோப்பைப் பார்க்கிறது என்று முதலில் பாருங்கள். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றும் தனித்தனிக் கோப்புகளை வைத்திருக்கின்றன. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இலவச ஆப்களில் பல, ஒன்றையோ இரண்டையோ மட்டும் பார்க்கின்றன. ஆப்பில் ஸ்கோர் காட்டும் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். மூன்றையும் கண்காணிக்கும்படி வேறு வேறு ஆப்களில் அலர்ட் வைக்கலாம். முழு ரிப்போர்ட்டையே பார்க்க வேண்டுமென்றால் AnnualCreditReport.com தளத்தில் மூன்று நிறுவனங்களின் ரிப்போர்ட்டையும் வாரம் ஒருமுறை இலவசமாக எடுக்கலாம்.

ஃபிராடு அலர்ட் வேறு, ஆப் அலர்ட் வேறு

இரண்டிலும் அலர்ட் என்ற சொல் இருப்பதால் ஒன்றை வைத்துவிட்டு மற்றது இருப்பதாக நினைப்பவர்கள் உண்டு. ஆப் அலர்ட் உங்களுக்கு வரும் செய்தி. ஃபிராடு அலர்ட் கடன் கொடுப்பவருக்காக உங்கள் கோப்பில் எழுதி வைக்கும் குறிப்பு: 'கேட்பவர் நிஜமாகவே இவர்தானா என்று சரிபார்த்துவிட்டுக் கடன் கொடுங்கள்' என்பது அதன் பொருள். மூன்றில் ஒரு நிறுவனத்திடம் சொன்னால் போதும், மற்ற இரண்டுக்கும் அதுவே தெரிவிக்க வேண்டும். செலவு கிடையாது. சாதாரண ஃபிராடு அலர்ட் ஒரு வருடம் நிற்கும், வேண்டுமானால் புதுப்பிக்கலாம். அடையாளத் திருட்டு நடந்துவிட்டது என்று அதிகாரபூர்வமாகப் புகார் செய்தவர்கள் ஏழு வருட அலர்ட் கேட்கலாம்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, ஒரு வருடம் முடிந்ததைக் கவனிக்காமல் விடுவது. இன்னொன்று தொலைபேசி எண். அலர்ட் வைக்கும்போது கொடுத்த எண்ணில்தான் கடன் கொடுப்பவர் உங்களைத் தேடுவார். எண்ணை மாற்றிவிட்டு இங்கே சொல்லாமல் விட்டால், நீங்களே கேட்கும் கடன் இழுத்தடிக்கும். அதோடு, ஃபிராடு அலர்ட் இருந்தாலும் கோப்பு திறந்தேதான் இருக்கிறது. சரிபார்ப்பதை ஒழுங்காகச் செய்ய வேண்டியது கடன் கொடுக்கும் ஊழியர். அவரை நம்பித்தான் எல்லாம்.

ஒன்றை மட்டும் மூடுவது

உண்மையில் தடுப்பது ஃப்ரீஸ்தான். கோப்பை ஃப்ரீஸ் செய்துவிட்டால் புதிதாகக் கடன் கொடுக்க வரும் வங்கிக்கு அது கிடைக்காது. கோப்பைப் பார்க்காமல் கடன் கொடுக்கும் வங்கிகள் குறைவு என்பதால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். 2018 செப்டம்பர் 21 முதல் கூட்டாட்சிச் சட்டப்படி ஃப்ரீஸ் செய்வதும் எடுப்பதும் முழுக்க இலவசம். இணையத்திலோ தொலைபேசியிலோ கேட்டால் ஒரு வேலை நாளுக்குள் ஃப்ரீஸ் செய்துவிட வேண்டும். எடுக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். தபாலில் கேட்டால், கடிதம் போய்ச் சேர்ந்த பின் மூன்று வேலை நாள். உங்கள் ஸ்கோர் இதனால் குறையாது. நீங்கள் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்கவும் தடையில்லை.

இங்கேதான் பெரிய தவறு. ஃபிராடு அலர்ட்டை ஓர் இடத்தில் சொன்னால் போதும் என்று படித்தவர்கள், ஃப்ரீஸையும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள். ஃப்ரீஸை மூன்று இடத்திலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். 2017-இல் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் கசிந்தன. 'கசிந்தது ஈக்விஃபாக்ஸில்தானே' என்று அதை மட்டும் மூடுவது யாருக்கும் எளிதாகத் தோன்றும் யோசனை. ஆனால் திருடனிடம் இருப்பது உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் பிறந்த தேதியும். அவற்றை வைத்து அவன் எந்த வங்கிக்கும் போகலாம், அந்த வங்கி மூன்றில் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். மேலே சொன்ன உதாரணத்தில் அவர் ஈக்விஃபாக்ஸையும் எக்ஸ்பீரியனையும் மூடியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது.

இந்த நிறுவனங்களின் தளத்துக்குப் போனால், ஃப்ரீஸைவிட லாக் என்பது கண்ணில் பளிச்சென்று படும்படி வைத்திருப்பார்கள். இரண்டும் கோப்பை மூடுவதுதான். ஆனால் ஃப்ரீஸ் சட்டம் தரும் உரிமை. லாக் என்பது அந்த நிறுவனம் தன் ஒப்பந்த நிபந்தனைகளோடு தரும் சேவை, சில இடங்களில் மாதச் சந்தாவோடு. ஆப்பில் ஒரு தட்டில் திறந்து மூடலாம் என்பது அதன் வசதி. அந்த வசதிக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஃப்ரீஸையும் இணையத்தில் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். சந்தா கட்டத் தவறினால் என்ன ஆகும் என்ற கவலையும் அதில் கிடையாது.

நம் ஊர்ப் பெயர்களால் வரும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில், முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் FNU வந்துவிடும். அப்புறம் ஒரு வங்கியில் FNU, இன்னொன்றில் அப்பா பெயர், மற்றொன்றில் வெறும் இனிஷியல் என்று பதிவாகிறது. ஃப்ரீஸ் செய்யக் கணக்குத் தொடங்கும்போது தளம் கேட்கும் விவரங்கள் கோப்போடு பொருந்தாமல் 'உங்களை உறுதிசெய்ய முடியவில்லை' என்று நின்றுவிடும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். முதலில் ரிப்போர்ட்டை எடுத்து அதில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே கொடுத்துப் பாருங்கள். அதிலும் நடக்கவில்லையென்றால் அடையாளச் சான்று, முகவரிச் சான்று நகல்களோடு தபாலில் அனுப்பலாம்.

திறக்கும்போது நடக்கும் குழப்பம்

கார் வாங்கப் போகிறீர்கள். டீலர் உங்கள் விண்ணப்பத்தைப் பல வங்கிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவார். ஒவ்வொரு வங்கியும் எந்தக் கோப்பைப் பார்க்கும் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஒன்றை மட்டும் திறந்துவிட்டுப் போனால், அங்கே உட்கார்ந்து ஃபோனில் கடவுச்சொல் தேட வேண்டியதுதான். அந்த எரிச்சலில் மூன்றிலும் ஃப்ரீஸை நிரந்தரமாக எடுத்துவிட்டு, பிறகு திரும்பப் போடாமலே விட்டுவிடுவார்கள். தளத்தில் 'தற்காலிகமாக நீக்கு' என்று இருக்கும். தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் கொடுத்தால் தானாகவே மூடிக்கொள்ளும். கார் கடனுக்கு மூன்றிலும் ஒரு வாரம் திறந்து வைத்தால் போதும். வீட்டுக் கடன் என்றால் வங்கி பொதுவாக மூன்றையும் பார்க்கும், பத்திரம் முடிவதற்கு முன் மறுபடி பார்ப்பதும் வழக்கம். அதனால் முடியும் தேதியை வங்கி அலுவலரிடம் கேட்டு வையுங்கள். ஒரே ஒரு கார்டுக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் எந்த நிறுவனத்தைப் பார்ப்பார்கள் என்று கேட்டு, அதை மட்டும் திறக்கலாம்.

அலர்ட் வந்த பிறகு

தெரியாத பெயரில் என்குயரி வந்தால் உடனே பதற வேண்டாம். ஸ்டோர் கார்டுகளைக் கடை தருவதில்லை, பின்னால் இருக்கும் வங்கி தருகிறது. அதனால் நீங்களே போட்ட விண்ணப்பமாகவும் இருக்கலாம். ஆனால் செய்தியில் உள்ள லிங்க்கைத் தட்டாதீர்கள், அலர்ட் போலவே போலிச் செய்திகள் வரும். ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள்.

உங்களுடையது இல்லை என்றால் முதல் அழைப்பு அந்த வங்கியின் மோசடிப் பிரிவுக்கு. என்குயரி மட்டும் விழுந்திருந்தால் விண்ணப்பத்தை நிறுத்தலாம். கணக்கே தொடங்கியிருந்தால் மூடச் சொல்லி, அது உங்கள் கணக்கு அல்ல என்று எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் IdentityTheft.gov தளத்தில் புகார் பதிவு செய்யுங்கள். பலர் இதைத் தாண்டிப் போய் நேராகக் கிரெடிட் நிறுவனத்தில் சாதாரண ஆட்சேபம் போடுகிறார்கள். அதை விசாரிக்கப் பொதுவாக 30 நாள் அவகாசம் உண்டு. இந்தப் புகாரின் நகல், அடையாளச் சான்று இவற்றோடு 'மோசடிப் பதிவை மறையுங்கள்' என்று கேட்டால், கிடைத்த நான்கு வேலை நாட்களுக்குள் அந்தப் பதிவை ரிப்போர்ட்டில் வராமல் செய்ய வேண்டும். ஏழு வருட ஃபிராடு அலர்ட்டையும் இதே புகாரை வைத்துக் கேட்கலாம்.

ஃப்ரீஸ் எட்டாத இடங்களும் இருக்கின்றன. ஏற்கெனவே உள்ள கார்டில் நடக்கும் திருட்டு அதில் அடங்காது. அதற்கு வங்கியின் ஆப்பில் செலவு அலர்ட்டின் தொகையை முடிந்தவரை குறைவாக வையுங்கள். திருடிய கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் ஒன்றிரண்டு டாலர்தான் எடுப்பார்கள். வங்கிக் கணக்கு தொடங்கும்போது பல வங்கிகள் பார்ப்பது செக்ஸ்சிஸ்டம்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தை, அங்கேயும் தனியாக ஃப்ரீஸ் செய்யலாம். உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் யாராவது வருமான வரி தாக்கல் செய்து ரீஃபண்ட் வாங்குவதையும் ஃப்ரீஸ் தடுக்காது. அதற்கு வரித் துறை தரும் ஐபி பின் என்ற ஆறு இலக்க எண் உண்டு. ஒவ்வொரு வருடமும் புது எண் வரும், அந்த வருட எண் இல்லாமல் உங்கள் பெயரில் மின்னணு முறையில் தாக்கல் செய்தால் ஏற்க மாட்டார்கள். பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் பெற்றோர் இலவசமாக ஃப்ரீஸ் கேட்கலாம். கோப்பே இல்லாத பிள்ளைக்கு, மூடி வைப்பதற்காகவே ஒரு கோப்பை உருவாக்குவார்கள். அதற்குப் பிறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாளச் சான்று நகல்கள் தேவைப்படும்.