லிரிக் வீடியோவில் சொல் தாளத்துக்குப் பிந்துவது ஏன்?

ஆடி மாதம் இரண்டு தம்பிகள் லேப்டாப்போடு ஐந்து ரோடு பக்கம் இருக்கும் என் எடிட்டிங் அறைக்கு வந்தார்கள். சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஒரு பக்திப் பாட்டு. "அண்ணா, எல்லா கீஃபிரேமும் பீட் மேலதான் இருக்கு. ஆனாலும் ஏதோ இழுக்குது." ஓடவிட்டுப் பார்த்தேன். நான் பல வருஷம் செய்த அதே தவறு.

தொடக்கத்தைத் தாளத்தில் வைப்பது

பாட்டு 96 BPM, வீடியோ 24 fps. ஒரு அடிக்குச் சரியாக 15 ஃபிரேம். 120ஆவது ஃபிரேமில் பம்பை அடி விழுகிறது. தம்பிகள் அங்கேதான் "மாரி" என்ற சொல்லின் அசைவைத் தொடங்கியிருந்தார்கள். அது பெரிதாகி முழு அளவுக்கு வர 6 ஃபிரேம். அதாவது அடி விழுந்து கால் விநாடி கழித்துத்தான் சொல் வந்து நிற்கிறது. கண் கணக்கில் எடுப்பது கிளம்பும் நேரத்தை அல்ல, வந்து அறையும் நேரத்தை.

சரியான முறை: 114இல் தொடங்கி, 120இல் 110% வரை வீங்கி, 123இல் 100%க்கு அடங்க வேண்டும். சொல் கொஞ்சம் முன்னாலேயே தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம். படம் சற்று முந்தினால் மனம் பொறுத்துக்கொள்ளும், சத்தம் முந்தினால் உடனே உறுத்தும்.

இந்தத் தவறு ஏன் இன்னும் எனக்கு எரிச்சல் தருகிறது என்றால், கடைசியில் திருத்துவது அவ்வளவு கொடுமை. ஒருமுறை இருநூறுக்கு மேற்பட்ட சொற்களை இப்படி வைத்துவிட்டேன். சிலது 5 ஃபிரேமில் வரும், சிலது 8, நீட்டிப் பாடும் இடத்தில் 12. எல்லா லேயரையும் சேர்த்து ஒரே அளவு இடப்பக்கம் இழுக்க முடியாது. ஒவ்வொன்றாக நகர்த்தி முடித்தபோது விடிந்துவிட்டது.

முதல் நாலு சொல் வைத்தவுடனே சோதித்துவிடுங்கள். அடி விழும் ஃபிரேமில் நிறுத்திப் பாருங்கள். சொல் அங்கே இன்னும் சின்னதாக இருந்தால் பிந்துகிறது.

மெய்யெழுத்தில் குறி வைப்பது

வேவ்ஃபார்மில் "மா" தொடங்குவது 'ம்' என்ற முனகலில். காதுக்கு அடி விழுவது 'ஆ' திறக்கும் இடத்தில். உச்சத்தை அங்கே வையுங்கள்.

கிரிட்டை மட்டும் நம்புவது

மெட்ரோனோம் இல்லாமல் ஆள் வாசித்த பம்பை 15 ஃபிரேமுக்குக் கட்டுப்படாது. சரணத்தில் வேகம் கூடும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஆடியோ லேயரைத் தேர்ந்தெடுத்து, பாட்டை ஓடவிட்டு, நம்பர்பேடில் `*` தட்டிக்கொண்டே போங்கள். லேயரில் மார்க்கர் விழும். கை கொஞ்சம் பிந்தும். ஆகவே `LL` அழுத்தி வேவ்ஃபார்மைத் திறந்து, ஒவ்வொரு மார்க்கரையும் அடிக்கு இழுத்துவிடுங்கள்.

எழுத்தெழுத்தாகப் பிரிப்பது

வேண்டாம். "கொ"வின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பறந்துவிடும்.