ஜெனரேட்டர் டேங்க் எத்தனை மணி நேரம் தாங்கும்? இறால் பண்ணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி, கார்த்திகையில் காற்று பலத்தால் தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. புதிதாகப் பண்ணை போட்டவர்கள் ஒவ்வொரு வருஷமும் ஒரே கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள்.

லோடு குறைந்தால் டீசலும் அதே அளவு குறையும் என்று நம்புவது

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். தொண்டிப் பக்கம் ஒரு தம்பியிடம் 25 கேவிஏ செட், 100 லிட்டர் டேங்க். முழு லோடான 20 கிலோவாட்டுக்கு மணிக்கு 6 லிட்டர் என்று கையேட்டில் பார்த்திருக்கிறார். டீசலை மிச்சம் பிடிக்க ஆறு ஏரேட்டரில் இரண்டை மட்டும் ஓட்டினார். ஏறக்குறைய 4 கிலோவாட். "ஐந்தில் ஒரு பங்கு லோடுண்ணே, மணிக்கு 1.2 லிட்டர்தான். 83 மணி நேரம் ஓடும்" என்றார்.

ஓடாது. மோட்டார் ஒன்றுகூட ஓடாவிட்டாலும் இன்ஜின் 1500 சுற்றில் சுற்றியாக வேண்டும். இந்த அளவு செட்டுக்கு அதற்கே மணிக்கு 1.3 லிட்டர் வாக்கில் போய்விடும். மீதி 4.7 லிட்டர்தான் 20 கிலோவாட்டுக்கு. கிலோவாட்டுக்குக் கிட்டத்தட்ட 0.235 லிட்டர்.

```
1.3 + (4 × 0.235) = 2.24 லிட்டர்/மணி
85 ÷ 2.24 = 38 மணி நேரம்
```

100 போடாமல் 85 போட்டதற்குக் காரணம், டீசல் உறிஞ்சும் குழாய் டேங்கின் அடியைத் தொடாது. அடியில் கசடும் தண்ணீரும் கிடக்கும். அதை இன்ஜினுக்குள் விடவும் கூடாது. ஆக, சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஓட்ட ஆரம்பித்தால் திங்கள் காலை 8 மணியோடு சரி. தம்பியோ புதன் விடியற்காலை வரை ஓடும் என்றிருந்தார். குளத்தில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்குவதே விடியற்காலையில்தான். இறால் மேலே மிதந்து கரையோரம் ஒதுங்கத் தொடங்கியபின் டீசலுக்கு ஓடிப் பயனில்லை.

ஆறு ஏரேட்டரும் ஓடினால் 12 கிலோவாட், மணிக்கு 4.1 லிட்டர். நான்கை நிறுத்தியதில் லோடு மூன்றில் ஒன்றானது, டீசல் பாதிக்குமேல் செலவாகிறது. இரவு லோடு எப்போதுமே இவ்வளவுதான் என்றால் சின்ன செட் ஒன்று தனியாக வாங்குவதே மேல்.

கையேட்டை மட்டும் நம்புவது

பழைய இன்ஜின் கூடக் குடிக்கும். டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, வழக்கமான இரவு லோடில் மூன்று மணி நேரம் ஓட்டி நிறுத்துங்கள். அளவு கேனால் மறுபடி அதே மட்டத்துக்கு ஊற்றுங்கள். ஊற்றியதை மூன்றால் வகுத்தால் வருவதுதான் உங்கள் செட்டின் கணக்கு.

கேவிஏவைக் கிலோவாட்டாக எடுப்பது

0.8 ஆல் பெருக்குங்கள்.

கடைசிச் சொட்டுவரை ஓட்டுவது

லைனில் காற்று ஏறிவிடும். அப்புறம் டீசல் ஊற்றினாலும் ஸ்டார்ட் ஆகாது. பில்டர் பக்கத்துத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரையில்லாமல் டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். மழை இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் இது அரை மணி நேர வேலை. டேங்கில் கால்பங்கு இருக்கும்போதே ஊற்றிவிடுங்கள்.