நன்றியை எழுதி, நேரே வாசியுங்கள்

தினமும் நன்றிப் பட்டியல் எழுதுவதைவிட, சரியாக நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, அவர் முன்னால் இருந்து வாசியுங்கள். "எல்லாத்துக்கும் நன்றி ரீச்சர்" போதாது. "விடிய ஐஞ்சு மணிக்கு, கொக்குவில் வீட்டு விறாந்தையில, காசு வாங்காமல் ஓ.எல். கணக்குச் சொல்லித் தந்தீங்கள், அதாலதான் கம்பஸ் போனன்" என்று நடந்ததை எழுதுங்கள்.

அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனின் குழு 2005இல் சோதித்த பயிற்சிகளில் உடனடி மகிழ்ச்சியை அதிகம் கூட்டியது இதுதான். ஆனால் அது ஒரு மாதம்வரை நின்றது, மூன்றாம் மாதம் காணவில்லை. கடிதத்தைக் கேட்பவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம். எழுதுபவர்கள் அதை மிகையாகவே நினைக்கிறார்கள் என்று 2018 ஆய்வு ஒன்று காட்டியது.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இதை நம்பியிருக்காதீர்கள். 2021இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது நன்றிப் பயிற்சிகளின் பலன் சிறியதாகவே இருந்தது. அதற்கு வைத்தியரிடம்தான் போக வேண்டும்.