டயர் ஓரத்தில் M+S, மலைப் படம், XL: எதை எப்படிப் படிப்பது?

என் மச்சான் போன மாதம் காருக்கு நான்கு செகண்ட் ஹேண்ட் டயர் வாங்கி வந்தார். "M போட்டிருக்கு, சேறுன்னு அர்த்தம். தோட்டத்து மண் ரோட்டுக்கு இதுதான் சரி"ன்னு கடைக்காரர் சொன்னாராம். XL-ன்னும் இருப்பதால் கனத்தையும் தாங்குமாம். சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலிலேயே நான்கையும் அடுக்கி வைத்துப் பார்த்தோம்.

முதலில் டயரின் ஓரத்தை ஈரத்துணியால் துடையுங்கள். எழுத்தும் கறுப்பு, டயரும் கறுப்பு என்பதால் செம்மண் போனாலும் கண்ணுக்குப் பிடிபடாது. ஒரு வெள்ளைச் சாக்குக்கட்டியைப் படுக்கவைத்து மேலே தேய்த்தால் புடைத்த எழுத்து மட்டும் வெளுக்கும். மச்சானின் டயரில் இப்படித் தெரிந்தது:

```
205/55R16 94V XL M+S
```

இப்போது M+S. சில டயரில் M&S அல்லது M/S என்றும் இருக்கும். சேறும் பனியும் என்பதுதான் பொருள். ஆனால் இது டயர் தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளும் குறி. பூப்பகுதியில் பள்ளங்கள் கொஞ்சம் அகலமாக இருப்பதைப் பார்த்துப் போடுவது. எந்தச் சேற்றிலும் ஓட்டிச் சோதித்து வாங்கிய சான்று கிடையாது. மழை முடிந்த செம்பனைத் தோட்டப் பாதையில் களிமண் டயரின் பள்ளங்களை அடைத்துவிட்டால், M+S இருக்கும் சாதாரண கார் டயரும் வழுக்கத்தான் செய்யும்.

அடுத்தது மலைப் படம். மூன்று சிகரம் கொண்ட மலைக்கோடு, அதற்குள் ஒரு பனித்துகள். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும், அதனால் டயரை முழுச்சுற்று உருட்டிப் பாருங்கள். இது சோதனையில் தேறிய டயருக்குத்தான் கிடைக்கும்: இறுகிய பனியில் ஓர் ஒப்பீட்டு டயரைவிடக் குறிப்பிட்ட அளவு நன்றாகப் பிடிக்க வேண்டும். மச்சானின் நான்கில் இரண்டில் இந்தப் படம் இருந்தது, மற்ற இரண்டில் M+S மட்டும்.

நமக்கு இங்கே பனி ஏது என்று கேட்பீர்கள். விஷயமே அதுதான். அந்த இரண்டின் பூவிலும் கத்தியால் கீறியது போல வளைந்து வளைந்து நுண்ணிய வெட்டுகள் இருந்தன, நகத்தால் அழுத்தினால் ரப்பர் மெத்தென்று அமுங்கியது. முழுக்கக் குளிர்காலத்துக்கான டயர். 7 டிகிரிக்குக் கீழேயும் இறுகாமல் இருக்கத்தான் ரப்பரை அப்படி மிருதுவாகச் செய்கிறார்கள். நம் 33 டிகிரி வெயிலில் அது இன்னும் தளர்ந்து சீக்கிரம் தேயும், வளைவில் வண்டி நெளிவது போலிருக்கும், பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் கூடும். எல்லாப் பருவத்துக்குமான டயரிலும் மலைப் படம் வருவதுண்டு, அதனால் படத்தோடு பூவையும் தொட்டுப் பார்க்க வேண்டும். மாறாக, ஜப்பானிலிருந்து வரும் பழைய டயரில் மலைப் படம் இல்லாமலேயே STUDLESS என்று எழுதியிருக்கலாம். அதுவும் பனி டயர்தான்.

கடைசியாக XL. EXTRA LOAD என்றோ REINFORCED என்றோகூட இருக்கும். இந்த அளவுக்கு வழக்கமான டயரில் பாரத்தைக் காட்டும் எண் 91, அதாவது ஒரு டயர் 615 கிலோ தாங்கும். XL-இல் 94, அது 670 கிலோ. கூடுதல் 55 கிலோவும் சும்மா வராது. சாதாரண டயர் தன் முழுப் பாரத்தைச் சுமார் 36 பி.எஸ்.ஐ. காற்றில் தாங்கும், XL-க்கு அது சுமார் 42. அதே 36-இல் வைத்தால் XL கூடுதலாக எதையும் தாங்காது, இம்மியளவு குறைவாகக்கூடத் தாங்கும். கடைக்காரர் இதைத்தான் சொல்லாமல் விட்டார்.

அதற்காக 42-க்கு ஊதிவிடாதீர்கள், டயர் ஓரத்தில் MAX PRESS என்று போட்டிருக்கும் எண்ணுக்கும் ஊதாதீர்கள். அது உச்ச வரம்பு மட்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஒட்டுவில்லை இருக்கும். மச்சானின் காரில் அதில் சாதாரணமாக 32, ஆளும் சாமானும் நிறைந்தால் 35. XL போட்ட பிறகு அந்த 32-க்குக் கீழே இறங்கவே கூடாது. குடும்பத்தோடு ஈப்போ போகும்போது 35-ஐ வைக்கச் சொன்னேன். டயர் சூடேறுவதற்கு முன், காலையிலேயே அளக்கவும் வேண்டும்.

பனி டயர் இரண்டையும் அன்று சாயங்காலமே திருப்பிக் கொண்டுபோனோம். முன்னால் ஒருவகை, பின்னால் ஒருவகை என்றால் நனைந்த வளைவில் முன்னோ பின்னோ ஒன்று மட்டும் பிடிவிடும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் மாற்றிக் கொடுத்தார். வந்த இரண்டையும் கடை வாசலிலேயே மச்சான் சாக்குக்கட்டியால் தேய்த்துப் பார்த்தார்: 94V XL, மலை இல்லை.