வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு சிவி அனுப்புற நேர்ஸ்மார் விடுற பிழைகள்

ஹட்டன், பதுளை, நுவரெலியா பக்கம் வேலை செய்யிற நம்ம நேர்ஸ்மாரோட சிவிய வாங்கிப் பாத்தா பாதிக்கு மேல "வோர்ட் 7, மூணு வருஷம்"னு ஒரே வரியோட முடிஞ்சிருக்கும். வோர்ட் 7 என்னன்னு நம்ம ஆஸ்பத்திரி கேட்ல நிக்கிறவருக்குத் தெரியும், மான்செஸ்டர்ல இருந்து வாசிக்கிற வோர்ட் மேனேஜருக்கு எப்படித் தெரியும்? நம்பர தூக்கிட்டு பொம்பளைங்க மெடிக்கல் வோர்ட், ஆதார வைத்தியசாலை, 36 கட்டில், அதுக்குள்ள கூடுதலா கவனிக்க வேண்டியவங்களுக்கான ஹைடிபென்டன்சி கட்டில் 4, இப்படி எழுதுங்க. எந்த மாதிரி நோயாளி வாறாங்கன்னும் ஒரு வரி போடுங்க, ஆஸ்துமா, சுகர், எலிக்காய்ச்சல், பூச்சிமருந்து குடிச்சவங்க, குளவி கொட்டினவங்கன்னு.

அடுத்த பிழை நோயாளி எண்ணிக்கை. சிலர் முழு வோர்ட் கணக்கையும் தன்னோட கணக்கா போட்டு "42 பேர பாத்துக்கிட்டேன்"னு எழுதுறாங்க, அத வாசிக்கிறவங்க பொய்னு நினைப்பாங்க. மேல சொன்ன அதே வோர்ட எடுப்போம், கட்டில் 36, ஆனா தரையில பாய் போட்டவங்களோட சேத்து அன்னைக்கு 42 பேர். காலையில நேர்ஸ் 4 பேர்னா ஆளுக்கு பத்து பதினொண்ணு, பின்னேரம் 3 பேர்னா 14, இரவு 2 பேர்னா 21. இந்த மூணையும் ஷிஃப்ட் வாரியா எழுதணும். இங்கிலாந்துல பகல்ல ஒரு நேர்ஸுக்கு 8 பேருக்கு மேல போனா நோயாளிக்கு ஆபத்து கூடும்னு 2014லயே அந்த நாட்டு சுகாதார வழிகாட்டல் அமைப்பான நைஸ் சொல்லிட்டாங்க, அதனால 21ஐ பாத்ததும் இன்டர்வியூல நிச்சயமா ஒரு கேள்வி வரும், எப்படி சமாளிச்சீங்கன்னு.

இங்கதான் நெறைய பேர் திணறுறாங்க, ஏன்னா நம்ம வோர்ட்ல பல இடத்துல ஆள் பிரிக்கிறதில்ல, வேலைதான் பிரிக்கிறது, ஒருத்தர் மருந்து, ஒருத்தர் டிரெஸிங், ஒருத்தர் பிரஷர் டெம்பரேச்சர். அங்க உங்களுக்கு இத்தனை நோயாளின்னு குடுத்துருவாங்க, அவங்களோட எல்லா வேலையும் உங்க பொறுப்பு. ஆகவே உங்க வோர்ட் எப்படி நடந்துச்சோ அத அப்படியே சொல்லுங்க, "இரவுல மருந்த பிரிச்சு செஞ்சோம், ஆனா ஹைடிபென்டன்சி 4 பேரும் முழுசா என் பொறுப்பு"ன்னு சொன்னா அந்த 4ஐ வச்சுத்தான் மேல பேசுவாங்க. சாப்பாடு ஊட்டுறது, துடைக்கிறதுலாம் சொந்தக்காரங்க செஞ்சாங்கன்னா அதையும் மறைக்காதீங்க.

ஸ்கில்ஸ் லிஸ்ட்ல இன்டர்நெட்ல இருந்து எடுத்த 30 ஐட்டம் வேணாம். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல தனியா செய்வேனா, ஒருத்தர் பக்கத்துல நின்னா செய்வேனா, பாத்து மட்டும்தான் இருக்கேனான்னு பிரிங்க. உங்க வோர்ட்ல கெனுலா போடுறது ஹவுஸ் ஒபிசர்னா கெனுலாவ "தனியா"ல போட்றாதீங்க, டெமோ கேட்டா அங்கேயே மாட்டிக்குவீங்க.

ஆனா எனக்கு கோவம் வாற விஷயம் வேற, நெஜமா தெரிஞ்சத விட்டுட்டு வாறாங்க. கொழுந்து பறிக்கிறப்ப குளவி கலைஞ்சு வந்த அம்மாவுக்கு மூச்சு இழுக்குது, பிரஷர் விழுது, டொக்டர் ஓடர்ல அட்ரினலின் 0.5 மில்லிகிராம் தொடையில ஐஎம் போட்டு, ஒக்சிஜன் குடுத்து, கால உயர்த்தி, 5 நிமிஷத்துல திரும்ப பாத்து தேவைன்னா அடுத்த டோஸுக்கு ரெடியா நிக்கிறது, கடும் ஒவ்வாமைய சமாளிக்கிற அனஃபிலாக்ஸிஸ் மேனேஜ்மென்ட். பூச்சிமருந்து கேஸ்ல அட்ரோபின் ஓடுறப்ப கண்மணி, சளி, பல்ஸ் பாத்து சார்ட்ல எழுதுறதும் அதே மாதிரி சொல்ல வேண்டிய ஒரு ஸ்கில்தான். "குளவிக் கொட்டு கேஸ் பாத்திருக்கேன்"னு மட்டும் எழுதினா யாருக்கும் விளங்காது.

லைசன்ஸ் விஷயத்துல நெலமைய ஒரு படி கூட்டி எழுதுறதுதான் பெரிய பிழை. இங்கிலாந்து நேர்ஸ் பதிவு சபையான என்எம்சியோட கம்பியூட்டர் பரீட்சை சிபிடிய மட்டும் பாஸ் பண்ணிட்டு "என்எம்சி ரெஜிஸ்டர்ட்"னு போடாதீங்க, செஞ்சு காட்டுற பரீட்சையான ஒஸ்கியும் முடிச்சு, பதிவு நம்பரான பின் கைக்கு வந்தாத்தான் அது. துபாய் எலிஜிபிலிட்டி லெட்டரும் லைசன்ஸ் இல்ல, வேலை குடுக்கிற ஆஸ்பத்திரி மூலமாத்தான் அது ஆக்டிவ் ஆகும். எந்தப் படியில நிக்கிறீங்களோ அத தேதியோட எழுதுங்க, ஸ்ரீலங்கா நேர்சிங் கவுன்சில் நம்பரும் போடுங்க.

சான்றிதழ சரிபாக்கிற கம்பனியான டேட்டாஃப்ளோக்காரங்க காலேஜுக்கும் கவுன்சிலுக்கும் பழைய ஆஸ்பத்திரிக்கும் நேரா எழுதிக் கேப்பாங்க, சிவில "2019 - 2022"ன்னும் சர்வீஸ் லெட்டர்ல 2019 ஜூலைல இருந்துன்னும் இருந்தா நடுவுல உள்ள மாசத்துக்கு விளக்கம் கேட்டு ஃபைல் நிக்கும். நம்ம பக்கத்துல பேரும் ஒரு தலைவலி, பாஸ்போர்ட்ல லெட்சுமி, டிப்ளோமால லக்ஷ்மி, பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேர் வேற எழுத்துல. ரெண்டும் ஒரே ஆள்தான்னு சத்தியக்கடதாசி ஒண்ணு முடிச்சு, ஃபீஸ் கட்ட முன்னமே ஃபைலோட வச்சிருங்க.