மூன்றரை நட்சத்திரம் ஏன் கோணலாகத் தெரிகிறது, அதை எப்படிச் சரிசெய்வது

போன மாதம் தேக்கா உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்ட மீ கோரிங் பற்றி எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் நாலு வரி எழுதினேன். சுவை அருமை, எண்ணெய்தான் கொஞ்சம் தூக்கல். ஐந்துக்கு மூன்றரை கொடுத்து, வரியின் முடிவில் இப்படிப் போட்டேன்:

⭐⭐⭐⯪☆

என் கைப்பேசியிலேயே அது அழகாக இல்லை. முதல் மூன்றும் கொழுகொழுவென்று மஞ்சளாக இருந்தன. நான்காவது சின்னதாக, கறுப்பாக, சற்றே கீழிறங்கி நின்றது. ஐந்தாவது வெறும் கோட்டுப்படம். கொஞ்ச நேரத்தில் மூன்றாம் மாடி அத்தை குரல் பதிவு அனுப்பினார்: "தம்பி, மூணு ஸ்டாருக்கு அப்புறம் ஒரு பெட்டி வருதே, அது என்னப்பா? நீ மூணு குடுத்தியா, நாலு குடுத்தியா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. மதிப்பெண் கொடுப்பதே படிப்பவருக்குப் புரியத்தான். இது ஏன் நடக்கிறது, எப்படித் தவிர்ப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன். கணினி அறிவு பெரிதாகத் தேவையில்லை.

படி 1: நீங்கள் போட்டது எந்த நட்சத்திரம் என்று பாருங்கள்

பார்வைக்கு எல்லாம் நட்சத்திரம்தான். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடு பட்டியலில் அவை தனித்தனிக் குறிகள். நமக்கு வேண்டியவை நான்கு.

⭐ என்பது U+2B50. இது எமோஜி. கைப்பேசி இதை ஒரு வண்ணப் படமாகக் காட்டும்.

★ என்பது U+2605, ☆ என்பது U+2606. இவை எமோஜி அல்ல, அ, ஆ போலச் சாதாரண எழுத்துக் குறிகள். எழுத்து என்ன நிறமோ அதே நிறத்தில் வரும். ஜப்பானிய எழுத்துத் தரப் பட்டியலில் இரண்டும் சோடியாகவே இருந்தன. அதனால் இந்த இரண்டையும் ஒரே அளவில், ஒரே கையால் வரைந்ததுபோல் பல எழுத்துருக்களில் பார்க்கலாம்.

⯪ என்பது U+2BEA, இடப்பக்கம் பாதி நிரம்பிய நட்சத்திரம். இது யூனிகோடுக்குள் வந்தது 2018-இல்தான்.

எது எது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. வலைப்பதிவு எழுதும் பெட்டியிலோ வேர்டு கோப்பிலோ நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, எழுத்தின் நிறத்தைச் சிவப்பாக்கிப் பாருங்கள். சிவப்பானால் அது எழுத்துக் குறி. மஞ்சளாகவே இருந்தால் எமோஜி.

என் வரியில் எமோஜி மூன்று, எழுத்துக் குறிகள் இரண்டு. கோணலுக்கு முதல் காரணம் இந்தக் கலப்புதான். எமோஜிப் பட்டியலில் முழு நட்சத்திரம் இருக்கிறது. காலி நட்சத்திரம் இல்லை, அரை நட்சத்திரமும் இல்லை. ஆகவே ⭐ போட்டுத் தொடங்கியவர் காலியைக் காட்ட வேறு குடும்பத்திலிருந்துதான் ஒன்றைக் கடன் வாங்க வேண்டும். ☆ பக்கத்தில் வந்து நிற்கும்போது நிறமும் பருமனும் பொருந்தாது, நிற்கும் உயரம்கூட ஒத்துப்போகாது.

பெட்டி எங்கிருந்து வந்தது?

தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் நட்சத்திரக் குறிகள் இருக்காது. நாம் தமிழ் வரியில் ஒரு நட்சத்திரத்தைப் போட்டதும், கைப்பேசி தன்னிடமுள்ள மற்ற எழுத்துருக்களில் அந்தக் குறியைத் தேடி எடுத்து அந்த இடத்தில் ஒட்டும். ★ பழைய குறி என்பதால் எங்காவது கிடைத்துவிடும். ⯪ புதியது. அது வருவதற்கு முன் தயாரான எழுத்துருக்களில் அதற்கு வடிவம் இல்லை. தேடிக் கிடைக்காவிட்டால் கைப்பேசி வெற்றுப் பெட்டி ஒன்றைக் காட்டும். அத்தை வைத்திருப்பது பழைய கைப்பேசி. அவர் பார்த்தது அந்தப் பெட்டியைத்தான்.

புதிய கைப்பேசியில் வடிவம் கிடைத்தாலும் முழு நிம்மதி இல்லை. ★ ஓர் எழுத்துருவிலிருந்தும் ⯪ இன்னோர் எழுத்துருவிலிருந்தும் வந்தால் அளவு மாறும். என் திரையில் நான்காவது நட்சத்திரம் கீழிறங்கி நின்றது அதனால்தான்.

இன்னொரு சிக்கலைச் சொல்ல வேண்டும், பலருக்கும் இது தெரியாது. யூனிகோடு பெயர்களில் BLACK என்றால் உள்ளே நிரப்பியது, WHITE என்றால் உள்ளே காலியானது. ⭐ குறியின் பெயர் WHITE MEDIUM STAR! யூனிகோடு அட்டவணையில் அதன் மாதிரி வடிவம் வெறும் கோட்டுப்படம்தான். எமோஜி ஆனபின் மஞ்சள் நிரம்பிவிட்டது. வண்ண எமோஜி வசதி இல்லாத பழைய கணினியில் அது மறுபடியும் கோட்டுப்படமாகிவிடும். எங்கள் வட்டாரத்தில் ஒருவர் என் பரிந்துரைப் பட்டியலைப் பழைய கணினியில் திறந்து அச்செடுத்து மின்தூக்கி அருகே ஒட்டியிருந்தார். நான் ⭐⭐⭐☆☆ கொடுத்த கடையின் கீழே ஐந்து காலி நட்சத்திரங்கள் இருந்தன. அந்தக் கடைக்காரர் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? எனக்கு மனசே கேட்கவில்லை. அன்றிலிருந்து மதிப்பெண் வரியில் ⭐ போடுவதை நிறுத்திவிட்டேன்.

படி 2: ஒரே குடும்பத்தில் நில்லுங்கள்

அரை இல்லாத மதிப்பெண் என்றால் ★, ☆ இரண்டை மட்டும் பயன்படுத்துங்கள்:

★★★☆☆ 3/5

மஞ்சள் போய்விடும், உண்மைதான். பதிலுக்கு எந்தக் கைப்பேசியிலும் வரிசை கலையாது. இருள் பின்னணியிலும் நிரம்பியதற்கும் காலிக்கும் வேறுபாடு தெரியும்.

அரை மதிப்பெண்ணுக்கு ⯪ வேண்டாம். ½ போதும்:

★★★½ 3.5/5

½ மிகப் பழைய குறி, ஏறக்குறைய எல்லா எழுத்துருவிலும் உண்டு. சிலர் ★★★½☆ என்று ஐந்து இடத்தையும் நிரப்புவார்கள். ½ நட்சத்திரத்தைவிட ஒல்லியானது. ஒன்றன்கீழ் ஒன்றாகப் பத்துக் கடைகளைப் பட்டியலிட்டால் வரிசைகள் நேராக நிற்காது. அரை வரும் இடத்தில் காலி நட்சத்திரத்தை விட்டுவிடுவதே எனக்குப் பிடித்திருக்கிறது. பக்கத்தில் 3.5/5 இருப்பதால் எத்தனைக்கு என்ற சந்தேகமும் வராது.

அந்த எண்ணைத் தவறாமல் எழுதுங்கள். திரையைப் படித்துச் சொல்லும் செயலி நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம் என்று ஒவ்வொன்றாக வாசிக்கக்கூடும். பார்வைக் குறைபாடு உள்ளவர் அதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வண்ணம் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு நிலா இருக்கிறது. எமோஜியில் நட்சத்திரத்துக்கு அரை வடிவம் இல்லாவிட்டாலும் நிலாவுக்குப் பௌர்ணமியிலிருந்து அமாவாசை வரை எல்லாம் உண்டு:

🌕🌕🌕🌗🌑 3.5/5

எல்லாமே எமோஜி, ஒரே அளவு. அரைக்குத் தேய்பிறை 🌗 போடுங்கள், அதில்தான் இடப்பக்கம் ஒளிரும். வளர்பிறை 🌓 போட்டால் ஒளி வலப்பக்கம் போய், நிரம்பிவரும் வரிசை நடுவில் அறுந்ததுபோல் தெரியும்.

படி 3: ஒருமுறை சேமித்து வையுங்கள்

★ எமோஜிப் பலகையில் இருக்காது. ஒவ்வொரு முறையும் தேடி ஒட்டுவது அலுப்பு. ஐபோனில் Settings > General > Keyboard > Text Replacement போங்கள். Phrase என்ற இடத்தில் ★★★½ 3.5/5 என்று ஒட்டி, Shortcut இடத்தில் r35 என்று எழுதுங்கள். பிறகு ஆங்கில விசைப்பலகையில் r35 அடித்து இடைவெளி விட்டால் முழு வரியும் வந்துவிடும். ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு அமைப்புகளுக்குள் Dictionary > Personal dictionary பகுதியில் இதையே செய்யலாம். விண்டோஸ் கணினியில் வேர்டில் 2605 என்று அடித்து உடனே Alt+X அழுத்தினால் ★ வரும். 2606 அடித்தால் ☆.

படி 4: வலைப்பதிவில் உண்மையான அரை நட்சத்திரம்

உங்கள் பதிவில் எச்டிஎம்எல் எழுத முடியுமானால் அரை நட்சத்திரத்துக்குத் தனிக் குறியே தேவையில்லை. ஐந்து ★ போட்டு, அவற்றின் நிறத்தை நடுவில் மாற்றினால் போதும்.

```html
<span aria-hidden="true" style="
  display:inline-block; white-space:nowrap;
  color:transparent;
  background:linear-gradient(90deg,
    #e69500 70%, #cccccc 70%);
  -webkit-background-clip:text;
  background-clip:text;">★★★★★</span> 3.5/5
```

எழுத்தைக் கண்ணாடிபோல் ஆக்கிவிட்டு, பின்னால் இரண்டு நிறத் துணியைக் கட்டியிருக்கிறோம். இடமிருந்து 70 விழுக்காடு வரை ஆரஞ்சு, அதற்குப் பிறகு சாம்பல். ஒரு நட்சத்திரத்துக்கு 20 விழுக்காடு, அரைக்கு 10. மூன்றரைக்கு 60 கூட்டல் 10, ஆக 70. இரண்டரைக்கு 50, நாலரைக்கு 90. இரண்டு இடத்திலும் ஒரே எண்ணை மாற்ற வேண்டும். முதல் எண்ணை மட்டும் குறைத்து மற்றதை மறந்தால் நடுவில் நிறம் மெல்ல மங்கிக் கலந்து தெரியும். இரண்டாவதை மட்டும் குறைத்தால் எதுவுமே மாறாது, ஆகவே பிழை கண்ணுக்குப் படாமல் போகலாம்.

nowrap இருப்பதால் வரிசை இரண்டாக உடைந்து அடுத்த வரிக்குப் போகாது. aria-hidden இருப்பதால் படித்துச் சொல்லும் செயலி நட்சத்திரங்களைத் தாண்டி நேராக எண்ணை வாசிக்கும்.

இதில் ⭐ போடாதீர்கள். எமோஜிக்கு அதன் நிறம் படத்திலேயே இருப்பதால் இந்த வித்தை அதனிடம் ஒழுங்காக எடுபடாது.

ஓர் எச்சரிக்கை. பதிவு மின்னஞ்சலில் போகும்போதோ யாராவது நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போதோ நிறக் கட்டளைகள் உதிர்ந்துவிடலாம். அப்போது மிஞ்சுவது ஐந்து முழு நட்சத்திரம். நீங்கள் மூன்றரை கொடுத்த கடை ஐந்து வாங்கிவிடும். அச்செடுக்கும்போது உலாவி பின்னணி நிறத்தை வழக்கமாக விட்டுவிடும், ஆகவே தாளில் நட்சத்திரங்களே காணாமல் போகலாம். இரண்டு இடத்திலும் காப்பாற்றுவது பக்கத்தில் எழுதிய 3.5/5 தான். மற்றவர்கள் அடிக்கடி நகலெடுத்துப் பகிரும் பதிவு என்றால் நான் இந்தப் படியைவிட்டு ★★★½ முறைக்கே போய்விடுவேன்.

மீ கோரிங் வரியைக் குழுவில் திருத்தி மறுபடியும் அனுப்பினேன்: ★★★½ 3.5/5. அத்தை உடனே பதில் போட்டார்: "இப்ப சரியாத் தெரியுது. ஆனா அந்த மீ கோரிங்குக்கு நாலு குடுக்கலாம் தம்பி."